போனில் இறக்கிய தொடர் ஊர் டிவியில் ஏன் ஓடுவதில்லை?

வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டு வைஃபையில் ஒரு தொடரின் எட்டு எபிசோடையும் ராத்திரியோடு ராத்திரியாக இறக்கி வைத்துக்கொண்டு, ஆடி மாதத் திருவிழாவுக்கு ஒடுகத்தூர் பக்கம் மாமனார் ஊருக்குக் கிளம்புகிறது ஒரு குடும்பம். அங்கே 43 அங்குல ஸ்மார்ட் டிவி இருக்கிறது, பிராட்பேண்ட் கிடையாது. மலையடிவாரம் என்பதால் போன் சிக்னலும் ஒரு கோடு, இரண்டு கோடுதான். சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்த பிறகு மாமாவின் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, டிவியையும் தொடர் இருக்கிற போனையும் அதில் சேர்த்து, காஸ்ட் பொத்தானைத் தொட்டால் டிவித் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் இணைப்பு இல்லை என்று வருகிறது.

"டவுன்லோட் பண்ணித்தானே கொண்டாந்தேன் மாமா, அப்புறம் எதுக்கு நெட்டு கேக்குது?"

இந்தக் கேள்வி நியாயமானது. காஸ்ட் பொத்தான் செய்யும் வேலையைப் புரிந்துகொண்டால் இதற்குப் பதில் கிடைத்துவிடும். எந்த ஆப்பில் இறக்கியதை டிவிக்கு அனுப்ப முடியும், எதில் முடியாது என்பதும் அதிலேயே தெளிவாகும்.

சீட்டு மட்டும்தான் போகிறது, மூட்டை போவதில்லை

காஸ்ட் பொத்தானைத் தொட்டதும் போனில் இருக்கும் படம் காற்றில் பறந்து டிவிக்குப் போகிறது என்று தோன்றும். நடப்பது வேறு. இந்தத் தொடர் இன்ன இடத்தில் இருக்கிறது, மூன்றாவது எபிசோடு, பன்னிரண்டாவது நிமிடத்திலிருந்து ஓட்டு என்று போன் டிவிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறது. டிவி அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு தானே இணையத்தில் போய், நிறுவனத்தின் சர்வரிலிருந்து படத்தைப் புதிதாக இழுத்துக்கொள்கிறது. கூகுள் 2013-இல் குரோம்காஸ்ட் கருவியைக் கொண்டுவந்தபோதே இந்த முறையில்தான் அமைத்தது. போனின் பேட்டரி வீணாகாமல் இருப்பதும், படம் ஓடும்போதே போனில் பேச முடிவதும் இந்த ஏற்பாட்டால்தான்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நல்ல இணையம் உள்ள இடத்தில் ஒரு தொடரை டிவிக்கு காஸ்ட் செய்து, படம் ஓட ஆரம்பித்ததும் போனை முழுவதுமாக அணைத்துவிடுங்கள். டிவியில் படம் தொடர்ந்து ஓடினால் அது போனிலிருந்து வரவில்லை. போன் அணைந்த சில நொடிகளில் டிவியும் நின்றுபோனால் போன்தான் அதுவரை படத்தை ஊட்டிக்கொண்டிருந்தது. எந்த ஆப்பாக இருந்தாலும் ஊருக்குக் கிளம்பும் முன் இந்த ஒரு சோதனை போதும். விளம்பரத்தையோ கடைக்காரர் சொல்வதையோ நம்பிப் போகத் தேவையில்லை.

ஹாட்ஸ்பாட்டில் டேட்டா இருந்தால் ஊரிலும் காஸ்ட் வேலை செய்யும். ஆனால் இறக்கி வைத்ததற்குப் பலனே இல்லாமல் டேட்டா மறுபடியும் செலவாகும். எச்டி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போகலாம் என்பது நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்கு. ஒரு நாளைக்கு 2 ஜிபி என்ற பேக் உள்ள போனில் 40 நிமிடத்திலேயே அது தீர்ந்துவிடும். அதன்பின் வேகம் 64 கேபிபிஎஸ் அளவுக்கு இறங்கிவிட்டால் வட்டம்தான் சுற்றும். முதல் எபிசோடு நன்றாக ஓடிவிட்டு இரண்டாவது பாதியில் நிற்கிறது, டிவியில் கோளாறு போலிருக்கிறது என்று பலர் நினைப்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான். போன் செட்டிங்கில் ஹாட்ஸ்பாட் எவ்வளவு டேட்டா சாப்பிட்டிருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

இறக்கிய கோப்பு ஏன் போனை விட்டு வெளியே வருவதில்லை

கட்டணம் கட்டிப் பார்க்கும் ஆப்களில் இறக்கிய எபிசோடு பூட்டுப் போட்ட பெட்டி மாதிரி. பெட்டி போனின் நினைவகத்தில் இருக்கும். அதைத் திறக்கும் சாவி போனின் சிப்புக்குள் தனியாக, பாதுகாப்பான ஒரு பகுதியில் இருக்கும். ஆண்ட்ராய்டில் இந்த ஏற்பாட்டுக்கு வைட்வைன் என்று பெயர், ஆப்பிளில் ஃபேர்பிளே. சாவி அந்த ஒரு போனுக்காக மட்டும் கொடுக்கப்பட்டது. அதனால்தான் கோப்பைக் கண்டுபிடித்து பென்டிரைவில் போட்டு டிவியில் சொருகினாலும் ஓடுவதில்லை. பெட்டி வந்துவிடும், சாவி வராது.

சரி, போனே பூட்டைத் திறந்து, படத்தை வைஃபை வழியாக டிவிக்கு அனுப்பினால் என்ன? அங்கேயும் தடை இருக்கிறது. பூட்டுத் திறந்த படம் போனின் சொந்தத் திரைக்குப் போகலாம், அல்லது எச்டிசிபி என்ற பாதுகாப்புள்ள இணைப்பில் வெளித்திரைக்குப் போகலாம். வேறு எங்கேயும் போகாதபடி ஆப் மறித்துவிடும். இந்த எச்டிசிபி என்பது எச்டிஎம்ஐ கேபிளின் இரண்டு முனைகளிலும் உள்ள கருவிகள் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்ளும் முறை. டிவியின் எச்டிஎம்ஐ போர்ட்டில் இது இருக்கும். போனிலிருந்து டிவி வரைக்கும் இடையில் வரும் அடாப்டரிலும் இருக்க வேண்டும் என்பதுதான் பலரும் கவனிக்காத இடம்.

எந்த ஆப்பில் என்ன நிலை

பெரிய சந்தா ஆப்கள் எதிலும் இறக்கிய கோப்பே காஸ்ட் வழியாக டிவிக்குப் போவதில்லை. இறக்கிய பட்டியலில் இருந்து காஸ்ட் பொத்தானைத் தொட்டாலும் டிவி இணையத்தில்தான் தேடிப் போகும்.

நெட்ஃபிளிக்ஸில் 2016 நவம்பரிலிருந்து இறக்கிப் பார்க்கும் வசதி இருக்கிறது. 2019-இல் ஐபோனிலிருந்து ஏர்பிளே வழியாக அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். 2025 இறுதியில் இன்னும் ஒரு படி போய், ரிமோட் உள்ள பெரும்பாலான டிவிகளுக்கும் ஸ்டிக்குகளுக்கும் போனிலிருந்து காஸ்ட் செய்வதையே எடுத்துவிட்டார்கள். பழைய, ரிமோட் இல்லாத குரோம்காஸ்ட் போன்ற சில கருவிகள் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அந்த வழி பாக்கி இருக்கிறது. முன்பு பொத்தான் இருந்ததே, இப்போது காணோம் என்றால் உங்கள் போனில் தப்பில்லை. இதோடு மொபைல் பிளான் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். அந்தப் பிளான் போனுக்கும் டேப்லெட்டுக்கும் உரியது, டிவி அதில் சேராது. ஆகவே டிவி வழிகளை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

பிரைம் வீடியோவில் காஸ்ட் பொத்தான் இருக்கிறது. இறக்கி வைத்த எபிசோடைத் திறந்து காஸ்ட் செய்தாலும் டிவிக்கு இணையம் வேண்டும். ஜியோஹாட்ஸ்டாரிலும் இதே கதைதான். அதிலும் ஒரு போனுக்கு மட்டும் என்று வாங்கிய சந்தாவாக இருந்தால் டிவி வழி அடைபட்டிருக்கும். பொத்தான் வராததற்குக் காரணம் வைஃபையா சந்தாவா என்று தெரியாமல் மணிக்கணக்கில் டிவியை ரீசெட் செய்துகொண்டிருப்பவர்கள் உண்டு. முதலில் கணக்குப் பக்கத்தில் பிளான் பெயரைப் பாருங்கள். சன் நெக்ஸ்ட், ஜீ5, சோனி லிவ் போன்றவற்றிலும் பூட்டுப் போட்ட கோப்புதான். நாம் முன்னே சொன்ன போன் அணைக்கும் சோதனையைச் செய்தால் விடை ஒன்றாகவே வரும்.

யூடியூப் சற்று வித்தியாசமானது. பிரீமியத்தில் இறக்கியதை காஸ்ட் செய்தால் அதுவும் இணையத்தைத்தான் தேடும். ஆனால் போன் திரையை அப்படியே டிவியில் பிரதிபலிக்கும்போது, மற்ற சந்தா ஆப்களில் ஆவதுபோல யூடியூபின் சாதாரண வீடியோக்களில் திரை கறுப்பாவதில்லை. அதனால் பிரதிபலிக்கும் வழியில் இணையமே இல்லாமல் டிவியில் பார்த்துவிடலாம். குழந்தைகளுக்கான பாட்டு, சமையல், பயண வீடியோ என்று ஊருக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு இது பெரிய வசதி. போன் 30 நாளைக்கு ஒருமுறையாவது இணையத்தில் சேர வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

இறக்கிய கோப்பை உண்மையிலேயே தூக்கிக் கொடுக்கும் ஆப்கள் வேறு வகை. விஎல்சி, வெப் வீடியோ காஸ்டர், லோக்கல்காஸ்ட், பபிள்யூபிஎன்பி, கூகுளின் ஃபைல்ஸ் ஆப் ஆகியவை போனில் இருக்கும் பூட்டில்லாத கோப்பை டிவிக்கு அனுப்பும். அப்போது போனே ஒரு சின்ன சர்வராக மாறி, வைஃபைக்குள்ளேயே டிவிக்குப் படத்தைக் கொடுக்கிறது. இவற்றால் நெட்ஃபிளிக்ஸின் பெட்டியைத் திறக்க முடியாது. நாம் எடுத்த வீடியோ, ஸ்டுடியோக்காரர் கொடுத்த கல்யாண வீடியோ, முறையாக விலைக்கு வாங்கி எம்பி4 கோப்பாகவே பெற்றவை ஆகியவற்றுக்குத்தான் இவை.

பூட்டுப் போட்டதற்கு வழி கேபிள்தான்

மாமனார் வீட்டுக் கூடத்துக்குத் திரும்புவோம். இணையம் இல்லை, எட்டு எபிசோடும் பூட்டுப் போட்டவை. மிச்சமிருக்கும் நம்பகமான வழி போனின் டைப்-சி போர்ட்டிலிருந்து டிவியின் எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு நேராகக் கேபிள் போடுவது. இந்த இடத்தில்தான் அதிகம் பேர் பணத்தை இழக்கிறார்கள்.

டைப்-சி போர்ட் எல்லாப் போனிலும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் டிவிக்குப் படம் அனுப்ப அந்தப் போர்ட்டுக்குள் டிஸ்பிளேபோர்ட் என்ற வசதி இருக்க வேண்டும். பத்தாயிரம், பதினைந்தாயிரம் ரூபாய்ப் போன்களில் பெரும்பாலும் இது கிடையாது. சார்ஜ் ஏறும், கோப்பு நகரும், படம் வராது. சாம்சங்கில் கேலக்ஸி எஸ்8 முதல் வந்த எஸ் வரிசைப் போன்களில் இருக்கிறது. பிக்சலில் 8 முதல் உண்டு, அதுவும் 2024 ஜூன் மாத அப்டேட்டில்தான் திறந்துவிடப்பட்டது. ஐபோன் 15 முதல் டைப்-சி வழியாகவே படம் போகும். பழைய லைட்னிங் ஐபோனுக்கு ஆப்பிளின் சொந்த அடாப்டர் தனியாக வேண்டும். உங்கள் போனின் விவரப் பட்டியலில் யுஎஸ்பி என்ற வரியைத் தேடுங்கள். ஆண்ட்ராய்டு போனில் அங்கே 2.0 என்று மட்டும் இருந்தால் கேபிள் வாங்க வேண்டாம். 3.1, 3.2 என்று இருந்து பக்கத்தில் `DisplayPort` என்றும் இருந்தால் தைரியமாக வாங்கலாம்.

லாங் பஜாரிலோ ஆபீஸர்ஸ் லைனிலோ கடையில் போய் டைப்-சி டு எச்டிஎம்ஐ என்று கேட்டால் இரண்டு வகைச் சரக்கு வரும். ஒன்று, ஒரு முனையில் டைப்-சி, மறு முனையில் எச்டிஎம்ஐ, பக்கத்தில் சார்ஜருக்கு இன்னொரு டைப்-சி போர்ட் உள்ள அடாப்டர். நமக்கு வேண்டியது இதுதான். இன்னொன்று, ஒரே கேபிளில் மூன்று நான்கு வால் தொங்கும், எல்லாப் போனுக்கும் ஆகும் என்று அட்டையில் எழுதியிருக்கும், ஒரு ஆப்பை இறக்கச் சொல்லும், அல்லது செட்டிங்கில் யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்கச் சொல்லும். இந்த இரண்டாவது வகை போன் திரையைப் படம்பிடித்து அனுப்புகிறது. போட்டோவும் சொந்த வீடியோவும் நன்றாக வரும். சந்தா ஆப்பைத் திறந்தால் திரை கறுப்பு, சத்தம் மட்டும் கேட்கும். டிஸ்பிளேபோர்ட் இல்லாத போனுக்கும் ஆகும் என்று எந்தக் கேபிளைச் சொன்னாலும் அது இந்த வகைதான் என்று புரிந்துகொள்ளுங்கள். லைட்னிங்கில் வரும் மலிவான நகல்களிலும் இதே தொல்லை உண்டு.

கடையில் வாங்கும்போதே சோதிப்பது நல்லது. போட்டோ ஒன்றைக் காட்டி வருகிறதே என்று கடைக்காரர் சொன்னால் போதாது. ஏரோபிளேன் மோடு போட்டு, சந்தா ஆப்பில் இறக்கி வைத்த எபிசோடைத் திறந்து, கடை டிவியில் இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். அது ஓடினால் ஊரிலும் ஓட வாய்ப்பு அதிகம்.

ஊரில் டிவியின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் இன்னொரு சின்னச் சிக்கல் காத்திருக்கும். பழைய 32 அங்குல டிவிகள் சிலவற்றில் எச்டிஎம்ஐ போர்ட் ஒன்றே ஒன்றுதான், அதில் கேபிள் செட்டாப் பாக்ஸ் உட்கார்ந்திருக்கும். பாக்ஸின் பின்னால் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஏவி போர்ட்டும் இருக்கும் என்பதால், பாக்ஸை ஏவி கேபிளுக்கு மாற்றிவிட்டு எச்டிஎம்ஐயைப் போனுக்குக் கொடுக்கலாம். பாட்டி சீரியலைத் தவறவிடாமல் இருக்க ஏவி கேபிள் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போவது உத்தமம். சுவரில் மாட்டிய டிவியில் போர்ட் சுவர்ப் பக்கம் பார்த்திருந்தால் அடாப்டரின் தடித்த முனை நுழையாது. ஒரு சாண் நீள எச்டிஎம்ஐ நீட்டிப்புக் கேபிள் இருந்தால் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. அடாப்டரிலிருந்து டிவிக்கு 3 மீட்டர் கேபிள் இருந்தால் போனைக் கையெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இணைக்கும் வரிசையும் முக்கியம். முதலில் சார்ஜரை அடாப்டரில் சொருகி, பிறகு எச்டிஎம்ஐயை டிவியில் சொருகி, ரிமோட்டில் `HDMI 1` அல்லது `HDMI 2` என்று சரியான உள்ளீட்டைத் தேர்ந்து, கடைசியில் போனைச் சொருகுங்கள். போன் திரை டிவியில் அப்படியே தெரிந்த பிறகுதான் ஆப்பைத் திறக்க வேண்டும். எபிசோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிளைச் சொருகினால் எச்டிசிபி சரிபார்ப்பு நடுவில் குழம்பிப் பிழை காட்டுவதுண்டு. அப்படி வந்தால் ஆப்பை முழுதாக மூடிவிட்டுத் திறந்தாலே பெரும்பாலும் சரியாகும். சாம்சங் போனில் கணினித் திரை போன்ற டெக்ஸ் திரை வந்தால் அறிவிப்புப் பட்டியில் திரைப் பிரதிபலிப்புக்கு மாற்றிக்கொள்ளலாம். படம் வந்து சத்தம் போனிலேயே கேட்டால், சத்தம் கூட்டும் பொத்தானை அழுத்தி வரும் பட்டையில் ஒலி எங்கே போகிறது என்பதை எச்டிஎம்ஐக்கு மாற்றுங்கள்.

படத்தில் தெளிவில்லை என்றால் கேபிளைக் குறை சொல்ல வேண்டாம். இடம் மிச்சம் பிடிப்பதற்காக ஸ்டாண்டர்டு தரத்தில் இறக்கியிருப்பீர்கள். ஆறு அங்குலத் திரையில் தெரியாத மங்கல் 43 அங்குலத்தில் பளிச்சென்று தெரியும். டிவியில் பார்ப்பதற்கென்றால் ஆப்பின் டவுன்லோட் செட்டிங்கில் உயர்ந்த தரத்தை வைத்து இறக்க வேண்டும், இடம் பல மடங்கு ஆகும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். உயர்ந்த தரம் வைத்தும் மங்கலாகவே வந்தால் போனின் வைட்வைன் நிலையைப் பாருங்கள். டிஆர்எம் இன்ஃபோ என்ற இலவச ஆப்பில் `L1` என்று காட்டினால் எச்டி கிடைக்கும். `L3` என்றால் பெரும்பாலான ஆப்கள் அந்தப் போனுக்கு எஸ்டி தரத்தைத்தான் கொடுக்கும், கேபிளால் அதைக் கூட்ட முடியாது.

திரை கறுப்பாகி சத்தம் மட்டும் வந்தால்

கேபிள் இல்லாமல் போன் திரையையே டிவியில் காட்டும் வழி ஒன்று இருக்கிறது. அதற்கு மிராகாஸ்ட் என்று பெயர். சாம்சங்கில் `Smart View`, சில போன்களில் `Wireless display` என்று இருக்கும். போனும் டிவியும் நேரடியாகத் தங்களுக்குள் வைஃபை போட்டுக்கொள்வதால் ரவுட்டரும் வேண்டாம், இணையமும் வேண்டாம். சீட்டு கொடுக்கும் வேலை இதில் இல்லை. போன் திரையில் தெரிவதுதான் டிவிக்குப் போகிறது. பிக்சல் போன்களில் இந்த வசதி இல்லை, குரோம்காஸ்ட் கருவியும் இதை ஏற்காது. டிவியில் இருக்கிறதா என்று அதன் உள்ளீடுகள் பட்டியலில் தேடிப் பார்க்க வேண்டும்.

யூடியூபில் இறக்கியது, கேலரியில் இருப்பது எல்லாம் இதில் ஓடும். சந்தா ஆப்களில்தான் பெரும்பாலும் அந்தக் கறுப்புத் திரை வரும். அது பழுது என்று நினைத்து டிவி மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம். படம் பாதுகாக்கப்பட்ட தளத்தில் வரையப்படுவதால் பிரதிபலிக்கும் வசதிக்கு அது கண்ணுக்கே தெரிவதில்லை. ஒலிக்கு அந்தத் தடை இல்லாததால் சத்தம் மட்டும் வந்துவிடுகிறது. கேபிளில் கறுப்புத் திரை வந்தாலும் இதே பொருள்தான். நடுவில் உள்ள ஏதோ ஒன்றில் எச்டிசிபி இல்லை. எச்டிஎம்ஐயை ஏவியாக மாற்றும் சின்னப் பெட்டியை வைத்து பழைய குண்டு டிவியில் பார்க்க முயன்றால் பல பெட்டிகளில் இப்படித்தான் நடக்கும்.

தெருக்கூத்து வீடியோ ஏன் சுலபம்

திருவிழா ராத்திரி தெருக்கூத்தை யாரோ போனில் மூன்று மணி நேரம் எடுத்துவிட்டார்கள். மறுநாள் பெரியவர்கள் அதை டிவியில் பார்க்க ஆசைப்படுகிறார்கள். இந்தக் கோப்பில் பூட்டு இல்லை, ஆகவே எல்லா வழியும் திறந்திருக்கிறது. ஆனாலும் இரண்டு இடத்தில் தடுக்கும்.

விஎல்சியில் வீடியோவைத் திறந்து காஸ்ட் பொத்தானைத் தொட்டால், போனே படத்தைக் கொடுப்பதால் டேட்டா அதிகம் போகாது. ஆனால் குரோம்காஸ்டும் ஆண்ட்ராய்டு டிவியும் ஒவ்வொரு முறையும் தங்கள் பிளேயர் பக்கத்தை இணையத்திலிருந்து எடுத்துத்தான் தொடங்கும். ஹாட்ஸ்பாட்டில் டேட்டாவை முழுவதுமாக அணைத்துவிட்டால் தொடக்கமே நடக்காது. சிக்னல் இருக்கும் திண்ணையில் ஹாட்ஸ்பாட் போனை வைத்துத் தொடங்கிவிட்டால் போதும். ஹாட்ஸ்பாட் கொடுக்கும் போனும் வீடியோ இருக்கும் போனும் வேறு வேறாக இருப்பது நல்லது. ஒரே போன் இரண்டு வேலையையும் செய்யும்போது காஸ்ட் பட்டியலில் டிவியின் பெயரே வராமல் போகும் போன்கள் உண்டு. சுத்தமாகச் சிக்னல் இல்லாத இடத்தில், வைஃபைக்குள்ளேயே கோப்பை டிவிக்குக் கொடுக்கும் டிஎல்என்ஏ வழி கைகொடுக்கும். பபிள்யூபிஎன்பி ஆப்பில் டிவியைத் தேர்ந்தால், டிவி தன் சொந்தப் பிளேயரிலேயே ஓட்டுவதால் இணையம் தேவையில்லை.

அடுத்தது கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கிப் பதிவு செய்யும் முறை. இப்போதைய போன்கள் பல இடம் மிச்சமாகும் என்று எச்.265 முறையில் பதிவு செய்கின்றன. மூன்றாம் தலைமுறை வரையான பழைய குரோம்காஸ்டுக்கு அது புரியாது. விஎல்சி உடனே போனிலேயே அதை மாற்றி மாற்றி அனுப்ப ஆரம்பிக்கும், பத்து நிமிடத்தில் போன் கொதிக்கும், கூத்துக்காரர் அடவு வைக்கும் நேரத்தில் படம் திக்கித் திக்கி நிற்கும். இது வைஃபை பழுதல்ல. அடுத்த முறை எடுக்கும் முன் கேமரா செட்டிங்கில் எச்.264-ஐத் தேர்ந்துகொள்ளுங்கள். ஐபோனில் அது `Most Compatible` என்று இருக்கும்.

இதற்கெல்லாம் முன் பென்டிரைவை மறந்துவிட வேண்டாம். பூட்டில்லாத கோப்புக்கு டிவியின் யுஎஸ்பி போர்ட்தான் நேர்வழி. டைப்-சி முனையும் உள்ள பென்டிரைவ் என்றால் போனிலிருந்தே நேராகப் பிரதி எடுக்கலாம். பிரதி எடுக்கும்போது பாதியில் நின்று இடம் இல்லை என்று சொன்னால், ஆனால் பென்டிரைவில் இடம் இருந்தால், அது ஃபேட்32 வடிவில் இருக்கிறது. அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது. மூன்று மணி நேரக் கூத்து அதைத் தாண்டிவிடும். எக்ஸ்ஃபேட் வடிவுக்கு மாற்றிப் பார்க்கலாம், பழைய டிவி அதைப் படிக்காவிட்டால் வீடியோவை இரண்டு மூன்றாக வெட்டி ஏற்ற வேண்டும். படம் ஓடிச் சத்தம் மட்டும் வராத எம்கேவி கோப்புகளும் உண்டு. அதில் உள்ள டிடிஎஸ் ஒலியைப் பல டிவிகள் ஏற்பதில்லை.

லாட்ஜ் டிவி

மருத்துவத்துக்காக வேலூர் வந்து சிஎம்சி பக்கத்து லாட்ஜுகளில் வாரக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு வேறு தடை. அங்கே இணையம் இருக்கும், ஆனால் அறை எண்ணும் கடவுச்சொல்லும் கேட்கும் உள்நுழைவுப் பக்கம் வரும். டிவியில் அந்தப் பக்கத்தைத் திறப்பது கஷ்டம். திறந்தாலும் ஒரு விருந்தினர் கருவி இன்னொன்றைப் பார்க்காதபடி வைஃபையில் பிரித்து வைத்திருப்பார்கள், அதனால் போனில் காஸ்ட் பொத்தானே தோன்றாது. ஹாட்ஸ்பாட் போட்டால் இந்தத் தடை விலகும், டேட்டா செலவு மட்டும் உங்களுடையது. கேபிள் கையில் இருந்தால் இரண்டும் வேண்டாம். ரிமோட்டில் உள்ளீடு மாறவில்லை என்றால் டிவி ஓட்டல் மோடில் பூட்டப்பட்டிருக்கும், வரவேற்பில் கேட்டால் திறந்து கொடுப்பார்கள்.

கிளம்பும் முன் ஒரு ராத்திரி

எட்டு எபிசோடு, தலா 45 நிமிடம், மொத்தம் 6 மணி நேரம். டிவிக்காக உயர்ந்த தரத்தில் இறக்க வேண்டும் என்பதால் முதலில் ஒரே ஒரு எபிசோடை இறக்கி, போன் செட்டிங்கில் அது எவ்வளவு இடம் பிடித்தது என்று பார்த்து எட்டால் பெருக்குங்கள். மிச்சம் இருக்கும் இடத்தைவிட அது அதிகமென்றால் பாதியைக் குறைந்த தரத்தில் வைக்கலாம்.

இறக்கி முடித்ததும் ஏரோபிளேன் மோடில் போட்டு ஒவ்வொன்றையும் சில நொடி தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். இங்கே கவனம் வேண்டும். பிரைம் வீடியோவில் பொதுவாக இறக்கிய நாளிலிருந்து 30 நாளைக்குள் தொடங்க வேண்டும், தொடங்கிய பிறகு 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நெட்ஃபிளிக்ஸிலும் சில தலைப்புகளுக்குத் தொடங்கியதிலிருந்து 48 மணி நேரம்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி எல்லாவற்றையும் ஓட்டிச் சோதித்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கூடத்தில் உட்காரும்போது காலாவதி என்று காட்டும். முதல் எபிசோடை மட்டும் சோதியுங்கள். மற்றவற்றில் பட்டியலில் முழுமையாக இறங்கிய குறி இருக்கிறதா என்று பார்த்தாலே போதும்.

காலாவதி ஆகிவிட்டால் பெரும்பாலும் கோப்பை அழித்து மறுபடி இறக்க வேண்டியதில்லை. பெட்டி அப்படியே இருக்கிறது, சாவிதான் தீர்ந்தது. சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு, ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனால்கூடப் போதும், ஆப்பைத் திறந்து அந்த எபிசோடில் புதுப்பிக்கும் குறியைத் தொட்டால் மிகக் கொஞ்சம் டேட்டாவில் சாவி மறுபடி வந்துவிடும். எத்தனை முறை புதுப்பிக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு சில தலைப்புகளில் உண்டு. எந்தத் தலைப்பில் அந்த வரம்பு முடிந்துவிட்டது என்பதை ஆப்பே காட்டும்.